யோகா ஆசிரியரின் புரொஃபைலை யார் படிக்கிறார்கள்?

யோகா ஆசிரியர்கள் பலருடைய லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கடற்கரையில் எடுத்த ஒரு சிரசாசனப் படம். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் மென்பொருள் நிறுவனத்தின் ஹெச்.ஆர். மேலாளர் அதைப் பார்த்ததும், "நம் ஊழியர்கள் இதைச் செய்யப்போய் யாருக்காவது கழுத்துப் பிடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?" என்றுதான் நினைப்பார். அவர் யோகா கற்க வந்தவர் அல்ல. ஐம்பது பேருக்கு ஒரு வகுப்பை ஏற்பாடு செய்ய வேண்டியவர். செலவுக்கு மேலதிகாரியிடமும் கணக்குத் துறையிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியவர். ஆசிரியர் இல்லாத அறையில், ஆசிரியருக்காகப் பேசப்போவது அந்தப் புரொஃபைல்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பல ஆண்டுகளாக வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியை இப்போது நிறுவனங்களைப் பிடிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தலைப்பு வரி, "யோகா மாஸ்டர், ஆன்மிக வழிகாட்டி" என்று இருக்கிறது. லிங்க்ட்இன் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் இடம் தருகிறது. அதில், "அலுவலக ஊழியர்களுக்கு நாற்காலி யோகா, கழுத்து - முதுகு இறுக்கத்துக்கு 30 நிமிட வகுப்பு, சென்னை, தமிழிலும் ஆங்கிலத்திலும்" என்று எழுதினால், தேடுகிறவர் கண்ணில் படும், படித்ததும் புரியும். சிரசாசனம் இருந்த இடத்தில், சாதாரண அலுவலக உடையில் நாற்காலியில் அமர்ந்து தோளைச் சுழற்றிக் காட்டும் படம் வரட்டும்.

அடுத்தது 'அறிமுகம்' பகுதி. முழுவதும் படிக்க வேண்டுமானால் சொடுக்க வேண்டும். சொடுக்காமல் தெரிவது முதல் சில வரிகள்தான். அங்கே குருபரம்பரையை எழுதுவதைவிட, வகுப்பு எப்படி நடக்கும் என்று எழுதுவது மேல். உடை மாற்ற வேண்டுமா? பாய் வேண்டுமா, மீட்டிங் ரூம் போதுமா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்தலாமா? வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் இணையம் வழியாகச் சேரலாமா? ஹெச்.ஆர். மேலாளரிடம் ஊழியர்கள் கேட்கப்போகும் கேள்விகள் இவை. பதில் அவர் கையில் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பலர் விட்டுவிடுவது பாதுகாப்பைப் பற்றிய பத்தி. என் பார்வையில் புரொஃபைலிலேயே முக்கியமான பத்தி அதுதான். கண் அழுத்த நோய் உள்ளவர் தலைகீழ் ஆசனம் செய்யக் கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். முதுகுத் தட்டு விலகியவருக்கு முன்குனிதல் வலியைக் கூட்டலாம். கர்ப்பிணிகளுக்குத் தனி முறை தேவை. முதல் வகுப்புக்கு முன் ஒரு பக்க உடல்நலப் படிவம் வாங்குவதையும், யாரை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்வார் என்பதையும் ஆசிரியை எழுதிவிட்டால், வேறு பத்துப் பேரிலிருந்து அவர் தனித்துத் தெரிவார். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள யோகா சான்றளிப்பு வாரியத்தின் சான்று இருந்தால் எந்த நிலைச் சான்று என்பதோடு குறிப்பிடலாம். "சர்க்கரை நோய் குணமாகும்" என்ற ஒரு வரி இருந்தால் போதும், நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

பலன்களை எழுதும்போதும் அடக்கம் வேண்டும். உற்பத்தித்திறன் இத்தனை சதவீதம் கூடியது என்று ஒரு யோகா ஆசிரியரால் நிரூபிக்க முடியாது. அவரால் அளக்க முடிந்தவை இரண்டு. ஒன்று, வருகைப்பதிவு: முதல் வாரம் நாற்பது பேர் வந்து எட்டாவது வாரம் பத்துப் பேர்தான் வந்தார்கள் என்றால் நேரமோ வகுப்போ சரியில்லை. இரண்டாவது, கழுத்து வலிக்கு 0 முதல் 10 வரை ஊழியர்களே தரும் மதிப்பெண், தொடக்கத்திலும் முடிவிலும். இவற்றை உள்ளபடி எழுதினால் நம்பிக்கை வரும். முந்தைய நிறுவனத்தின் பெயரையும் இலச்சினையையும் ஊழியர்களின் படங்களையும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் போடக் கூடாது. "இரண்டு ஷிப்ட் நடக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம்" என்று சொன்னாலே விஷயம் விளங்கிவிடும்.

ஜூன் 21 யோகா தினத்துக்கு மே மாதக் கடைசியில் அழைப்புகள் குவியும். அவை பெரும்பாலும் ஒருநாள் நிகழ்ச்சிகள். ஆண்டு முழுவதற்குமான பணத்தைப் பல நிறுவனங்கள் ஏப்ரலுக்கு முன்பே ஒதுக்கிவிடுகின்றன. ஆகவே புரொஃபைலைத் திருத்த ஏற்ற மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். ஒருநாள் வகுப்போடு 12 வாரத் திட்டம் ஒன்றையும் அதில் சேர்த்து வைத்தால், யோகா தினத்தன்று வந்த அழைப்பையும் நீட்டிக்கப் பேசலாம்.

வேலை கிடைத்த பிறகு பணம் வருவது தனிக்கதை. வெண்டராகப் பதிவுசெய்ய பான், வங்கி விவரம், தேவைப்பட்டால் ஜி.எஸ்.டி. எண் கேட்பார்கள், பில் தொகை பல வாரங்கள் இழுக்கும். தனியாக வகுப்பு நடத்துகிறவரும் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிவுசெய்துகொள்ளலாம். அப்படிப் பதிவுசெய்தவருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் நிறுவனம் பணம் தர வேண்டும் என்கிறது சட்டம். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். "உத்யம் பதிவு உண்டு" என்ற வரி புரொஃபைலின் கடைசியில் இருந்தால், கணக்குத் துறை அதை முதலிலேயே கவனித்துக்கொள்ளும்.