புது இடுப்பும் மூன்று பக்கத் தாளும்

பில் கட்டி முடித்து, வாசலில் வண்டி வந்து நிற்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அந்தத் தாள்கள் கைக்கு வருகின்றன. எக்ஸ்ரே கவருக்குள் செருகி பீரோவில் வைத்தால், இன்சூரன்ஸ்காரர் கேட்கும்வரை அவை வெளியே வருவதில்லை. இடுப்பு மூட்டுப் பந்தை மாற்றிக்கொண்டவரின் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் இதே கதிதான். அவர் வீட்டில் எப்படி உட்கார வேண்டும், ஊசியை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

வழக்கமான ஒரு சம்மரியை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். 76 வயதுப் பெண்மணி. ரத்த அழுத்தம் உண்டு. இரவில் பாத்ரூமுக்கு எழுந்தவர் தவறி விழுந்தார். இடது தொடை எலும்பின் கழுத்தில் முறிவு, துண்டுகள் விலகியுள்ளன. மார்ச் 4 அன்று அறுவை: ‘சிமென்டட் பைபோலார் ஹெமிஆர்த்ரோபிளாஸ்டி, போஸ்டீரியர் அப்ரோச்.’ மார்ச் 10 அன்று டிஸ்சார்ஜ்.

‘கம்பி வைத்துச் சேர்த்திருக்கலாமே’ என்று பார்க்க வரும் சொந்தக்காரர்களில் ஒருவராவது கேட்பார். தொடை எலும்பின் உச்சியில் உள்ள பந்துக்கு ரத்தம் போவது பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான். கழுத்து முறிந்து விலகும்போது அவையும் அறுபடுகின்றன. அப்புறம் திருகாணி போட்டாலும் எலும்பு ஒட்டாமல் போகலாம், பந்து ரத்தமின்றிச் செத்துப்போகலாம். இளம் வயதுக்காரருக்கு அந்தத் துணிச்சலைக் காட்டுவார்கள். எழுபதைத் தாண்டியவருக்கு இரண்டாவது அறுவை வேண்டாம் என்று பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்துகிறார்கள். இடுப்பு எலும்பில் உள்ள கிண்ணம் அவருடைய சொந்தக் கிண்ணமாகவே இருக்கும். அதனால்தான் இது பாதி மாற்று. பைபோலார் என்றால் பெரிய பந்துக்குள் இன்னொரு சிறிய பந்து சுழலும்.

அடுத்து வரும் ‘போஸ்டீரியர் அப்ரோச்’ என்ற இரண்டு சொற்கள்தான் வீட்டுக்காரருக்கு முக்கியம். மூட்டின் பின்புறம் வழியாக உள்ளே போனார்கள் என்று அர்த்தம். அங்கிருந்த சிறு தசைகளையும் மூட்டு உறையையும் அறுத்து, பந்தை வைத்தபின் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் இறுகும்வரை பந்து பின்பக்கமாக நழுவ வாய்ப்பு உண்டு. பொதுவாக 6 முதல் 12 வாரம்வரை கவனம் தேவை. இந்த மாதிரியில் மருத்துவர் 12 வாரம் என்று எழுதியிருக்கிறார்.

பந்தை நழுவவைக்கும் அசைவுகள் மூன்று: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, அறுவை நடந்த காலை மறுகாலின் பக்கம் தாண்டவிடுவது, அந்தக் காலை உட்பக்கமாகத் திருப்புவது. இவை ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து அதிகம். நம் வீடுகளில் முதலாவது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். இந்தியன் டாய்லெட், அரிவாள்மனை, கீழே உட்கார்ந்து சாப்பாடு, முழங்காலுக்கும் கீழே இருக்கும் மோடா, குழியும் சோபா எல்லாமே அதில் சேரும். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தாலும் தாழ்வாக இருந்தால் மேலே உயர்த்தும் இருக்கை வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தபடி காலடிப் போர்வையை எட்டி இழுப்பதும் அதே மடிப்புதான். இரண்டாவதற்கு, படுக்கும்போது கால்களுக்கு இடையே தடித்த தலையணை வேண்டும், ஒருக்களித்துத் திரும்பும்போதும் அது நகரக் கூடாது. மூன்றாவது யாருக்கும் எளிதில் புரிவதில்லை. இடது காலை ஊன்றியபடியே உடம்பை மட்டும் இடப்பக்கம் திருப்பினால், மூட்டுக்குள் கால் உட்புறம் சுழன்றதாகவே கணக்கு. ஆகவே யாராவது கூப்பிட்டால், நின்ற இடத்தில் திரும்பாமல் சின்னச் சின்ன அடி வைத்து மொத்தமாகத் திரும்ப வேண்டும்.

பக்கவாட்டு வழியாகச் செய்திருந்தால் நிலைமை வேறு. அங்கே நழுவும் அபாயம் குறைவு. காலை வெளிப்பக்கம் தூக்கும் தசையை விலக்கித் தைத்திருப்பதால், அந்தத் தசைக்கான பயிற்சியில்தான் சில வாரம் பொறுமை வேண்டும். எதிர்வீட்டுக்காரர் தம் அறுவையை வைத்துச் சொல்லும் அறிவுரை இவருக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். எந்த வழி என்று சம்மரியில் எழுதவில்லையென்றால் வண்டி ஏறுமுன் கேட்டு எழுதி வாங்கிவிடலாம்.

இவ்வளவு தடைகளைக் கேட்டதும், பாட்டியைக் கட்டிலோடு வைத்துவிடலாம் என்று குடும்பம் முடிவெடுப்பதும் நடக்கிறது. அடுத்த வரியே அதை மறுக்கிறது: ‘வாக்கருடன், தாங்கும் அளவுக்கு முழு எடையும் ஊன்றலாம்.’ எலும்புச் சிமென்ட் அறுவை அரங்கிலேயே கெட்டியாகிவிடும். ஊன்றுவதால் தண்டு பெயராது. படுத்தே கிடந்தால் நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் காலில் ரத்தக்கட்டியும் வரும்.

ரத்தக்கட்டிக்குத்தான் தினமும் ஒரு எனாக்ஸாபரின் 40 மில்லிகிராம் ஊசி. சிறுநீரகம் பழுதாக இருந்தால் அளவு குறையும், சிலருக்கு மாத்திரையே கொடுப்பார்கள். தப்பு நடப்பது நாள் கணக்கில். ‘35 நாள்’ என்பது அறுவை நாளிலிருந்து. வீடு வந்த நாளிலிருந்து அல்ல. இந்தச் சம்மரியைக் காலண்டரில் ஏற்றினால் மார்ச் 18 தையல் பிரிப்பு, ஏப்ரல் 8 ஊசிக்குக் கடைசி நாள், ஏப்ரல் 15 எக்ஸ்ரேயுடன் பரிசோதனை, மே 27 பன்னிரண்டு வாரம் நிறைவு. ஊசி போகும் நாட்களில் மருந்துக் கடையில் தாமாக டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு வரலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தைலம் போட்டு உருவக் கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். திடீரென மூச்சு வாங்கினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பந்து நழுவினால் பார்த்ததுமே தெரியும். ‘டக்’ என்று சுரீர் வலி, கால் குட்டையாகி உட்பக்கம் திரும்பிக் கிடக்கும், ஊன்ற முடியாது. இழுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தொற்று இப்படிக் காட்டிக்கொடுக்காது. காய்ந்த தையலிலிருந்து மறுபடி நீர் கசியும், லேசாகச் சூடு இருக்கும். தெருமுனை கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கினால் கசிவு நின்றதுபோல் தோன்றும். உள்ளே உலோகத்தில் கிருமி தங்கிவிடும், பிறகு மூட்டு நீரை எடுத்துச் சோதித்தாலும் அது பிடிபடாமல் போகலாம். கசிவு என்றால் அறுவை செய்தவரிடமே போவது நல்லது.

சம்மரிகளில் அடிக்கடி விட்டுப்போகும் வரி ஒன்று உண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தால் எலும்பு நொய்ந்திருக்கிறது என்று பொருள். புதுப் பந்து அதை மாற்றாது, வலது இடுப்பும் அதே எலும்புதான். கால்சியம் மாத்திரை மட்டும் எழுதியிருந்தால் போதாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு முறிவு அறுவையான 90 நாட்களுக்குள் சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்தபோது, புதிய முறிவுகள் சுமார் 35 சதவீதமும் மரணம் சுமார் 28 சதவீதமும் குறைந்தன. வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்தபின், சிறுநீரகம் ஒத்துழைக்கும் நிலையில்தான் அதைப் போடுவார்கள். இந்தப் பெண்மணிக்கு 90 நாள் ஜூன் 2 அன்று முடிகிறது. ஏப்ரல் 15 பரிசோதனையிலேயே இதைக் கேட்டுவிட்டால் அவகாசம் தாராளம்.

‘தவறி விழுந்தார்’ என்ற வரிக்கும் சில சமயம் அதே தாளில் விடை கிடைக்கும். கடைசிப் பக்க ரத்தப் பரிசோதனையில், சேர்த்த அன்று சோடியம் 126 என்றிருக்கிறது. 135க்குக் குறையக் கூடாது. பழைய மருந்துப் பட்டியலில் சிறுநீர் பிரியவைக்கும் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கித் தள்ளாடவைக்கும் மாத்திரைகளில் அதுவும் சேரும். வீட்டுக்குக் கொடுத்த மருந்துகளிலும் அது அப்படியே தொடர்கிறது. தாமாக நிறுத்தாமல், மார்ச் 18 வரை காத்திருக்கவும் செய்யாமல், இரண்டு பக்கத்தையும் மறுநாளே பொது மருத்துவரிடம் காட்டினால் அவர் மாத்திரையை மாற்றிச் சோடியத்தை மறுபடி பார்க்கச் சொல்வார்.