ஒரு தள்ளுபடி, மூன்று ஊர்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்று 2026 தீபாவளிக்கு இப்படி அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “அக்டோபர் 25 நள்ளிரவு வரை 20% தள்ளுபடி! ரூ.15,000-க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். தீபாவளிக்குள் வீடு வந்து சேரும்.” சென்னைக்காரருக்கு இது போதும். இதையே சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பினால்தான் வம்பு.

முதலில் நேரம். இந்தியாவில் 25-ஆம் தேதி இரவு 11.59 ஆகும்போது டொராண்டோவில் அன்று பிற்பகல் 2.29. மாலையில் ஆற அமரப் பார்த்து வாங்க நினைத்தவருக்குச் சலுகை முடிந்துபோயிருக்கும். சிங்கப்பூரிலோ 26-ஆம் தேதி அதிகாலை 2.29. லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதும் அதே 25-ஆம் தேதிதான். ஆகவே அந்தந்த ஊர் நேரத்தையே அறிவிப்பில் போட வேண்டும். தேதியையும் 10/11 என்று எழுதாமல் மாதப் பெயரோடு எழுதுவது நல்லது.

கடைசி ஆர்டர் தேதியைப் பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. வார இறுதியில் பார்சல் வராத இடங்களும் உண்டு. எனவே வெள்ளிக்கிழமை, 6-ஆம் தேதியைக் கெடுவாகக் கொள்ளலாம். ஆனால் புடவை வந்தால் மட்டும் போதுமா, ரவிக்கை தைக்க வேண்டாமா? அதற்கு ஒரு வாரம் விட்டால் அக்டோபர் 30. கூரியருக்குப் பத்து நாள், கடையில் கட்டி அனுப்ப இரண்டு நாள் என்றால் கடைசி நாள் அக்டோபர் 18. தள்ளுபடி 25 வரை இருக்கலாம். “தீபாவளிக்குள்” என்ற வாக்கு 18-உடன் முடிந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் கலப்பதால்தான் பண்டிகை முடிந்த பிறகு சண்டை வருகிறது.

பணத்தில், வெறும் ‘$’ குறி யாருக்கும் உதவாது. சிங்கப்பூர் டாலரா, கனடிய டாலரா என்று சொல்லிவிட வேண்டும். விலையை அன்றாட மாற்று விகிதத்துக்கு விட்டுவிடாமல், விற்பனை முடியும்வரை ஒரே தொகையாக நிறுத்திவைப்பதே நாணயம்.

இலவச டெலிவரி வரம்பை அப்படியே பவுண்டுக்கு மாற்றினால் வேறொரு சிக்கல். ரூ.12,000 புடவையைத் தோராயமாக 100 பவுண்டு என்று கொண்டால், தள்ளுபடி போக 80. இலவச டெலிவரிக்காக இரண்டு வாங்கினால் 160. பிரிட்டனில் 135 பவுண்டு வரையிலான பார்சலுக்கு விற்பவரே 20% வாட் வரியை விற்கும்போது வசூலித்துக் கட்ட வேண்டும். அதைத் தாண்டினால் வரி வசூல் பொதுவாக இறக்குமதியின்போதுதான். கடை முன்கூட்டி ஏற்பாடு செய்யாவிட்டால், வரியோடு கூரியர் கையாளும் கட்டணத்தையும் வாங்குபவரிடமே கேட்பார்கள். ‘இலவசம்’ என்று நம்பியவர் கடையைத்தான் திட்டுவார்.

லண்டனுக்கான அறிவிப்பு இப்படி இருக்கலாம்: “20% தள்ளுபடி, அக்டோபர் 25 இரவு 11.59 வரை, லண்டன் நேரம். ரவிக்கை தைத்துத் தீபாவளிக்கு உடுத்த, அக்டோபர் 18-க்குள் ஆர்டர் செய்யுங்கள். விலை பவுண்டில், வாட் உட்பட. 135 பவுண்டுக்கு மேற்பட்ட பார்சலுக்கு வரி தனி.”