இரண்டு வரிக்குள் முடியும் வாக்கியம்

இன்ஸ்டாகிராமில் ஒரு படத்துக்குக் கீழே 2,200 எழுத்துகள் வரை கேப்ஷன் எழுதலாம். ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரின் கண்ணுக்கு அதில் முதல் இரண்டு வரிதான் தெரியும். அதன்பின் மூன்று புள்ளியும் ‘more’ என்ற சொல்லும் வந்து நிற்கும். அதைத் தொட்டால்தான் மீதி விரியும். நம் ஊரில் கைத்தொழில் செய்கிறவர்கள், வீட்டிலிருந்து பொருள் விற்கிறவர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் என எத்தனையோ பேர் இந்த இடத்தில் நல்ல நல்ல கட்டுரைகளை எழுதிவைக்கிறார்கள். அவற்றில் பல விரிக்கப்படாமலே போகின்றன. எழுத்தில் சரக்கு இல்லாததால் அல்ல, சரக்கு ஏழாவது வரியில் இருப்பதால்.

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சி விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஓலைப்பெட்டியில் கருப்பட்டியை அடுக்கி அழகாகப் படம் எடுத்திருக்கிறார்கள். கீழே கேப்ஷன் இப்படித் தொடங்குகிறது:

“அனைவருக்கும் வணக்கம். உடன்குடி வட்டாரத்தில் மூன்று தலைமுறையாகப் பனைத்தொழில் செய்துவரும் எங்கள் குடும்பத்தின் சார்பில், கலப்படமற்ற கருப்பட்டியை உங்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற நோக்கத்தில் தொடங்கப்பட்ட…”

மரியாதையான தொடக்கம். நேரில் பேசினால் இப்படித்தான் பேச வேண்டும். திரையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாதாரண அலைபேசியில், எழுத்தளவை மாற்றாமல் வைத்திருந்தால், ஒரு வரிக்கு ஏறத்தாழ 30 தமிழ் எழுத்து பிடிக்கும். இரண்டு வரிக்கு 60. இதில் முதல் வரியின் தொடக்கத்திலேயே கணக்கின் பெயர் தடித்த எழுத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பத்து எழுத்தின் இடம் போகும். இரண்டாம் வரியின் கடைசியில் புள்ளிகளுக்கும் ‘more’க்கும் ஐந்து எழுத்தின் இடம். மிச்சம் 45. மேலே உள்ள கேப்ஷன் “தலைமுறையாகப்” என்ற சொல்லோடு நின்றுபோகும். மூன்று தலைமுறையாக என்ன செய்தார்கள் என்பதே தெரியாது. கருப்பட்டி என்ற சொல் இன்னும் வரவே இல்லை.

இந்தக் கணக்கு எல்லோருடைய போனுக்கும் ஒன்றுபோல் இருக்காது. பெரிய எழுத்து வைத்துப் படிக்கும் பெரியவர்களுக்கு 45 என்பது 30 ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்படும் “முதல் 125 எழுத்து” என்ற அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் எழுத்துகள் அகலமானவை. அதோடு, கணினி எண்ணும் முறையும் வேறு. ‘கி’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ககரம் ஒன்று, அதன்மேல் ஏறும் இகரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளி வைத்த மெய்யும் அப்படித்தான். கருப்பட்டி நம் கணக்கில் ஆறு எழுத்து, கணினிக் கணக்கில் பத்து. 2,200 என்ற மொத்த வரம்பும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆகவே தமிழில் அது ஏறத்தாழ 1,400 எழுத்துதான். எண்ணிக்கொண்டிருப்பதைவிட, திரையில் எத்தனை வரி, எங்கே வெட்டு என்று கண்ணால் பார்ப்பதே நமக்குச் சரியான அளவுகோல்.

இட நெருக்கடியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று நம் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் முன்பக்கமே வந்துவிடும். எப்போது, எங்கே, எதற்காக என்பவை பின்னால் தொங்கும். வால் வெட்டுப்பட்டாலும் தலை பிழைக்கும். தமிழில் எங்கே, எப்போது, எதனால், யாருக்காக என்று எல்லாம் முன்னால் வந்து, வினைமுற்று கடைசியில் வரும். நல்ல தமிழ் உரைநடையின் அழகே அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. ஆனால் 45 எழுத்தில் வெட்டினால் நம் கையில் மிஞ்சுவது “தலைமுறையாக”, “நோக்கத்தில்”, “சார்பில்” போன்ற பாதிவழிச் சொற்கள்தான். படிப்பவருக்கு இன்னும் எதுவும் சொல்லப்படவில்லை. அதனால் மீதியை அறியும் ஆவலும் பிறக்கவில்லை. பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் அடுக்கி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இந்த வெட்டு அதிகம் வலிக்கும்.

ஆகவே முதல் வேலை, இரண்டு வரிக்குள் ஒரு வாக்கியமாவது முழுதாக முடிவது. முடிந்த வாக்கியம் ஒரு செய்தியைக் கொடுத்துவிடும். அந்தச் செய்தியிலிருந்து ஒரு கேள்வி எழுந்தால் விரல் தானாக ‘more’ஐத் தொடும்.

அந்தச் செய்தியை எங்கே தேடுவது? பெரும்பாலும் அது எழுதியவரின் கேப்ஷனுக்குள்ளேயே, நடுவில் எங்கோ கிடக்கும். உடன்குடிக் குடும்பத்தின் கேப்ஷனைக் கீழே வரை படித்தால், பனைமரத்தில் ஏறிச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவது, அதை அடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சுவது, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவது என்று எல்லாம் வரும். அதற்கு நடுவே போகிறபோக்கில் ஒரு வரி: “ஒரு கிலோ கருப்பட்டி எடுக்க எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் தேவைப்படும்.” இதுதான் அந்தக் கேப்ஷனின் உயிர். கடையில் கருப்பட்டி வாங்கும் பலருக்கு இது தெரியாது. தெரிந்துவிட்டால், சில இடங்களில் மட்டும் அது எப்படி மலிவாகக் கிடைக்கிறது என்ற கேள்வி உடனே வரும். பாகில் சீனி சேர்ப்பதுதான் அதற்கான பதில் என்பதைக் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்த வரியை மேலே தூக்கினால்:

“கிலோ கருப்பட்டிக்கு 8 லிட்டர் பதநீர். பாதி விலைக்கு எப்படிக் கட்டும்?”

இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து நம் கணக்கில் 44 எழுத்து. கணக்கின் பெயரோடு சேர்ந்து இரண்டு வரிக்குள் அடங்கும். முதல் வாக்கியத்தில் வினையே இல்லை. தமிழில் அது குறையல்ல, நாம் பேசுவதே அப்படித்தான். எண்ணை எழுத்தால் எழுதாமல் 8 என்று போட்டதில் இரண்டு எழுத்து மிச்சம். அதைவிட, எழுத்துக் கூட்டத்தில் எண் தனியாகக் கண்ணில் படும். இரண்டாவது வாக்கியம் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறது, ஆனால் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ரீல்ஸ் காணொளிகளில் இன்னும் குறைவாக, பெரும்பாலும் ஒரு வரிதான் தெரியும். அங்கே கேள்வி மறைந்துபோனாலும் முதல் வாக்கியம் தனியாக நிற்கும்.

இந்த வரியில் படத்தில் உள்ள எதுவும் திரும்பச் சொல்லப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். பார்ப்பவரின் கண் முதலில் படத்துக்குப் போய்விட்டுத்தான் கீழே இறங்கும். ஓலைப்பெட்டியும் கருப்பட்டியும் ஏற்கெனவே தெரிகின்றன. “ஓலைப்பெட்டியில் மணக்கும் கருப்பட்டி” என்று எழுதினால் இரண்டு வரியும் படத்துக்கே செலவாகிவிடும். எட்டு லிட்டர் பதநீரைப் படத்தால் காட்ட முடியாது.

எழுப்பிய கேள்விக்குப் பதில் மூன்றாவது வரியிலேயே வந்துவிட வேண்டும். என் கருத்தில் இதுதான் நேர்மையின் இடம். “இதைப் படித்தால் அதிர்ந்துபோவீர்கள்” என்று எழுதி விரிக்கவைத்துவிட்டு, உள்ளே குடும்ப வரலாற்றைத் தொடங்குகிறவரை வாசகர் ஒருமுறை நம்புவார். அடுத்த படத்தை விரிக்க மாட்டார். நம் கேப்ஷனில் வெட்டு முடிந்ததும் வர வேண்டியது: “சீனி கலந்தால் கட்டும். எங்கள் அடுப்பில் பதநீர் மட்டும்தான், அதனால்தான் இந்த விலை.” அதன்பின் எட்டு ஏன் சில நாள் பத்தாகிறது, பருவத்தோடு பதநீரின் இனிப்பு எப்படி மாறுகிறது, கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதெல்லாம் நிதானமாக வரலாம். மூன்று தலைமுறைக் கதையும் இங்கே வரட்டும். விரித்துப் படிக்க வந்தவர் அதை இப்போது விரும்பிப் படிப்பார். வணக்கத்தைக் கடைசியில் நன்றியோடு சேர்த்துக்கொள்ளலாம், ஹேஷ்டேக்குகளும் அங்கேயே இருக்கட்டும்.

சிறிய இடையூறு ஒன்று பலரையும் பாதிக்கிறது. முதல் வரியை எழுதியதும் அழகுக்காக ஒரு வெற்று வரி விடுகிறோம். தெரியும் இரண்டு வரியில் அந்த வெற்றிடம் ஒன்றைத் தின்றுவிடக்கூடும். தொடக்கத்தில் வரிசையாக வைக்கும் கைகூப்பும் எமோஜிகளும் அப்படியே. ஒவ்வொன்றும் அகலமான ஓர் எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். பத்தி பிரிப்பதை வெட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

எல்லாக் கேப்ஷனுக்கும் கேள்வி எழுப்பும் தொடக்கம் பொருந்தாது. ரத்தம் தேவை என்ற அறிவிப்பில் எதையும் வெட்டுக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாது. “ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. மதுரை ராஜாஜி மருத்துவமனை. இன்று மாலைக்குள்.” பெரிய எழுத்து வைத்திருப்பவர்களின் போனில் இது முழுதாக அடங்காது. அதனால் எது முதலில் என்ற வரிசை இங்கே முக்கியம்: ரத்த வகை, ஊர், பிறகு நேரம். நோயாளியின் நிலை, குடும்பச் சூழல் எல்லாம் விரித்தபின் வரலாம். இறுதிச் சடங்கு, மழை விடுமுறை, நிகழ்ச்சி ரத்து போன்றவையும் இந்த வகையே. விரிக்காமல் போகிறவருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டிய இடம் அது.

எழுதியது வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? வெளியிடும்முன் எழுதும் பெட்டியில் வெட்டு எங்கே விழும் என்று தெரியாது. வெளியிட்டதும் வேறொருவரின் போனில், முடிந்தால் பெரிய எழுத்து வைத்திருக்கும் ஒருவரின் போனில் பார்க்க வேண்டும். வெட்டு தவறான இடத்தில் விழுந்திருந்தால் படத்தை நீக்க வேண்டியதில்லை. கேப்ஷனை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

அதற்குப் பின் பின்னூட்டங்களைப் படிக்க வேண்டும். எத்தனை பேர் ‘more’ஐத் தொட்டார்கள் என்ற எண்ணிக்கையை இன்ஸ்டாகிராம் நமக்குக் காட்டுவதில்லை. ஆனால் விலையைக் கேப்ஷனிலேயே எழுதியிருந்தும் “விலை என்ன?” என்று கேட்டபடி இருந்தால், படம் மட்டும்தான் பார்க்கப்பட்டது என்று பொருள். “எட்டு லிட்டரா? எங்கள் பாட்டி பத்து என்பார்களே” என்று ஒருவர் வாதிட வந்தால் முதல் இரண்டு வரி எட்டிவிட்டது. “சுண்ணாம்பு தடவாத கலயத்தில் எத்தனை நாழிகையில் புளிக்கும்?” என்று இன்னொருவர் கேட்டால், அவர் பத்தாவது வரி வரை வந்திருக்கிறார்.