தட்டுக்கு அடியில் எத்தனை லிட்டர்?

இரும்புத் தூண் வைத்துக் கட்டும் தொழிற்கூடங்களில் தூணின் அடியில் ஒரு கனமான தகடு பற்றவைத்திருப்பார்கள். அதுதான் பேஸ் பிளேட். அதைக் கான்கிரீட் அடித்தளத்தோடு பிடித்து வைப்பவை ஆங்கர் போல்ட்டுகள். தகடு கான்கிரீட்டின் மேல் நேராக உட்காருவதில்லை. கான்கிரீட்டின் மேல்பரப்பு எப்போதும் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். ஆகவே சிறு பேக்கிங் தகடுகளை வைத்துத் தூணை மட்டம் பார்த்து நிறுத்திவிட்டு, இடையே 25 முதல் 50 மி.மீ. வரை இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்புவது கிரவுட்.

சாதாரண சிமெண்ட் கலவையை இங்கே ஊற்றினால் நீர் மேலே கசிந்து நிற்கும், கலவை கீழே படியும். காய்ந்தபின் தகட்டின் அடிப்பரப்புக்கும் கலவைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டாகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் தூணின் பாரம் முழுவதும் நான்கு சிறு பேக்கிங் தகடுகளின் தலையில் இறங்கும். சுருங்காத கிரவுட்டில் சேர்க்கப்படும் பொருட்கள் இறுகும் வேளையில் அதைச் சற்றே விரியச் செய்து, தகட்டோடு ஒட்டி நிற்கவைக்கின்றன.

இதற்கு எத்தனை மூட்டை வாங்க வேண்டும் என்பதில்தான் பல இடங்களில் தடுமாற்றம். வரைபடத்தில் தகட்டின் அளவு இருக்கிறது, இடைவெளியும் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் போதும் என்று தோன்றும். ஒரு தூணை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

தகடு 450 × 450 மி.மீ., தடிமன் 25 மி.மீ., இடைவெளி 50 மி.மீ. நான்கு 24 மி.மீ. போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கான்கிரீட்டில் 100 × 100 மி.மீ. அகலமும் 500 மி.மீ. ஆழமும் கொண்ட குழி விட்டிருக்கிறார்கள். இதைப் பாக்கெட் என்பார்கள்.

கணக்கை எளிதாக்க ஒரு வழி உண்டு. எல்லா அளவையும் 100 மி.மீ.க்கு ஒன்று என்று எழுதிக்கொண்டு பெருக்கினால் விடை நேரே லிட்டரில் வரும். ஏனெனில் எல்லாப் பக்கமும் 100 மி.மீ. உள்ள பெட்டியின் கொள்ளளவு சரியாக ஒரு லிட்டர். அப்படியானால் தகட்டின் அடியில் 4.5 × 4.5 × 0.5, அதாவது ஏறத்தாழ 10 லிட்டர். வரைபடம் மட்டும் சொல்லும் கணக்கு இது.

இப்போது அடித்தளத்துக்கே போவோம். கிரவுட் பிடிப்பதற்காகக் கான்கிரீட்டின் மேல்பரப்பைக் கொத்தியிருப்பார்கள். கொத்தியபின் தகட்டின் நான்கு மூலைகளிலும் இடைவெளியை அளந்தால் 50, 54, 58, 58 மி.மீ. என்று வருகிறது. சராசரி 55. கணக்கில் சேர்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது சுற்றுப் பலகை. கிரவுட் தகட்டின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. மூன்று பக்கம் 50 மி.மீ. தள்ளியும், ஊற்றும் பக்கம் 150 மி.மீ. தள்ளியும் பலகை அடைப்பார்கள். ஊற்றும் பக்கம் கிரவுட் சற்று உயர்ந்து நின்றால்தான் அதன் அழுத்தம் கலவையைத் தகட்டின் அடியில் தள்ளி, காற்றை மறுபக்கம் வெளியேற்றும். அதனால் நிரப்ப வேண்டிய பரப்பு 550 × 650 மி.மீ. ஆகிவிடுகிறது. 5.5 × 6.5 × 0.55, அதாவது 19.7 லிட்டர். தகட்டைச் சுற்றியுள்ள பகுதியில் கிரவுட் தகட்டின் அடிமட்டத்துக்கு மேல் 20 மி.மீ. ஏறி நிற்க வேண்டும், அதற்கு 3.1 லிட்டர். மொத்தம் 22.8 லிட்டர். அடியில் கிடக்கும் பேக்கிங் தகடுகளுக்காக எதையும் கழிக்க வேண்டாம். அவை பிடிக்கும் இடம் மிகச் சிறிது.

இனி பாக்கெட். 1 × 1 × 5, அதாவது ஒரு குழிக்கு 5 லிட்டர். உள்ளே இறங்கும் போல்ட் 0.2 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதி 4.8, நான்குக்கும் 19.2 லிட்டர். இங்கே குழியை அளந்து பார்ப்பது முக்கியம். அகலம் இரு பக்கமும் 10 மி.மீ. கூடி 110 ஆகிவிட்டால், ஒரு குழிக்கே ஒரு லிட்டர் கூடுதலாகும்.

ஆக ஒரு தூணுக்கு வேண்டியது 42 லிட்டர். தகட்டு அளவு மட்டும் சொன்னது 10. நான்கு மடங்கு வித்தியாசம்.

லிட்டரை மூட்டையாக்குவது அடுத்த படி. 25 கிலோ மூட்டை, தயாரிப்பாளர் சொன்ன நீரோடு கலந்தால் சுமார் 13 லிட்டர் தரும். துல்லியமான அளவு மூட்டையிலோ தகவல் தாளிலோ இருக்கும். அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். விரயத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் தகட்டுக்கு 25 லிட்டர், அதாவது இரண்டு மூட்டை. மூட்டையில் பாதியை எடுத்துக் கலக்கக் கூடாது. உள்ளே நுண்தூளும் மணலும் பிரிந்து கிடக்கலாம். பாதி மூட்டையில் எது எவ்வளவு வந்தது என்று சொல்ல முடியாது. அதனால் 12 தூண் உள்ள கூடத்துக்குத் தகட்டடிக்கு 24 மூட்டை.

பாக்கெட்டுகளை வழக்கமாக முதலில் தனியே நிரப்பி, அவை இறுகியபின் போல்ட்டை முறுக்குவார்கள். ஒரு தூணில் மிஞ்சிய கலவையை உடனே அடுத்த தூணின் குழியில் ஊற்றலாம் என்பதால் அதை மொத்தமாகவே கணக்கிடலாம். பன்னிரண்டுக்கும் 253 லிட்டர், 20 மூட்டை. எல்லாம் சேர்த்து 44 மூட்டை. வரைபடத்தை மட்டும் நம்பியவர் 10 மூட்டை இறக்கியிருப்பார்.

மூட்டை குறைந்தால் கடைக்குப் போய் வாங்கி வரலாமே என்று கேட்கலாம். தகட்டடியில் ஊற்றுவதைப் பாதியில் நிறுத்த முடியாது. ஒரே பக்கத்திலிருந்து, இடைவிடாமல், மறுபக்கம் கிரவுட் எழுந்து வரும்வரை ஊற்ற வேண்டும். நிறுத்தினால் முதலில் ஊற்றியது இறுகத் தொடங்கி வழியை அடைத்துவிடும், காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அவசரத்தில் இரண்டு பக்கமிருந்தும் ஊற்றினாலும் நடுவில் காற்று மாட்டும். கலவையை நீட்டிக்கத் தண்ணீர் கூட்டினாலோ நீர் மேலே கசிந்து, சுருங்காத கிரவுட்டும் சாதாரணக் கலவை போலவே தகட்டை விட்டு விலகிவிடும்.

ஊற்றுவதற்கு முன் கான்கிரீட்டை ஒரு நாள் நனைத்து வைத்துவிட்டு, தேங்கிய நீரை, குறிப்பாகப் பாக்கெட்டுகளின் அடியில் நிற்பதை, காற்றடித்து வெளியேற்ற வேண்டும். காய்ந்த கான்கிரீட் கிரவுட்டின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். தேங்கிய நீர் கிரவுட்டோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆழமான இடங்களில் ஒரே முறையில் எத்தனை மி.மீ. தடிமன் வரை ஊற்றலாம் என்பதற்கும் தகவல் தாளில் வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் சிறு ஜல்லி சேர்க்கச் சொல்வார்கள்; அப்போது ஒரு மூட்டை தரும் லிட்டரும் கூடும், மூட்டைக் கணக்கையும் மாற்ற வேண்டும்.

இந்தக் கணக்கின் பயன் வாங்குவதோடு முடிவதில்லை. தகட்டின் அடியைக் கண்ணால் பார்க்க முடியாது. சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். கிரவுட் ஒட்டாத இடத்தில் ஓசை பொள்ளலாகக் கேட்கும். ஆனால் அது இறுகிய பிறகு கிடைக்கும் சேதி. கலவை ஊற்றும்போதே சேதி சொல்வது எண்ணிக்கைதான். 22.8 லிட்டர் குடிக்க வேண்டிய தகடு 18 லிட்டரிலேயே நிரம்பியதாகத் தோன்றினால், மீதி இடத்தில் காற்று இருக்கிறது என்று பொருள். 28 லிட்டர் போயும் நிறையவில்லை என்றால் பலகை எங்கோ கசிகிறது. ஆகவே முதல் தூணில் எத்தனை லிட்டர் கலந்தோம், எவ்வளவு மிஞ்சியது என்று குறித்துவைத்துக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். பொருந்திய பிறகு இரண்டாவது தூணுக்குப் போகலாம்.