ஐந்து நிமிடப் படமும் மூன்று கேள்விகளும்

கல்லூரிகளில் வீடியோ அசைன்மென்ட் பெரும்பாலும் ஒரே வரியில் அறிவிக்கப்படுகிறது: “ஐந்து நிமிட ஆவணப்படம், வெள்ளிக்கிழமைக்குள்.” எழுத்துத் தாளுக்குப் பக்க எண்ணிக்கை சொன்னால் போதும். வீடியோவுக்கு ஓடும் நேரம், கோப்பின் வடிவம், ஒப்படைக்கும் வழி ஆகிய மூன்றும் தெரிந்தாக வேண்டும். அறிவிப்பில் இவை இல்லையென்றால் மாணவர் பேராசிரியருக்கு எழுதிக் கேட்பதுதான் வழி. காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவி ஒருவரின் கடிதம் இப்படி அமையலாம்:

பொருள்: ஆவணப்பட அசைன்மென்ட் – நீளம், கோப்பு வடிவம்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு ‘பி’ பிரிவு மாணவி. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய ஆவணப்படம் பற்றி மூன்று ஐயங்கள். தாங்கள் தந்த குறிப்பில் தேடிப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை.

1. தலைப்பும் இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலும் 5 நிமிடத்துக்குள் அடங்க வேண்டுமா? அவற்றையும் சேர்த்து என் படம் 5 நிமிடம் 20 நொடி ஓடுகிறது.

2. படுக்கைவாட்டில், 1080p அளவில், MP4 கோப்பாகத் தரலாமா?

3. கோப்பு சுமார் 320 எம்பி வருகிறது. கூகுள் டிரைவ் லிங்க்காக அனுப்பலாமா?

பணிவுடன்,
(பெயர், பதிவு எண்)

மூன்று கேள்விகளுக்கும் ஓரிரு சொற்களில் பதில் சொல்லிவிடலாம். “எந்த ஃபார்மட்டில் தர வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டிருந்தால் பேராசிரியர் உட்கார்ந்து விளக்கி எழுத வேண்டியிருக்கும். மாணவி தான் செய்ய நினைப்பதையே சொல்லி “தரலாமா?” என்று கேட்பதால், “தரலாம்” என்ற ஒரு சொல் போதுமானதாகிறது.

முதல் கேள்வி நேரத்தைப் பற்றியது. ஆவணப்படத்தில் தலைப்பு பத்து நொடி, பெயர்ப் பட்டியல் பத்து நொடி என்று வைத்தாலே 20 நொடி போய்விடும். அவை கணக்கில் சேராது என்றால் இந்தப் படம் சரியாக ஐந்து நிமிடம். சேரும் என்றால் 20 நொடியை வெட்ட வேண்டும். அது ஒரு பேட்டியின் பாதியாகக்கூட இருக்கலாம். ஆகவே எடிட்டிங் முடியும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. படம் எத்தனை நொடி மிகுகிறது என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டதால் பேராசிரியர் மறுபடி விசாரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கோப்பின் வடிவம். MP4 என்பது ஒரு பெட்டி மாதிரி. அதற்குள் படம் எந்த முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். புதிய போன்கள் பல, இடத்தை மிச்சப்படுத்த H.265 முறையில் பதிவு செய்கின்றன. வகுப்பறைக் கணினி சற்றுப் பழையதென்றால் அந்தக் கோப்பு திறக்காமல் போகலாம். ஒலி மட்டும் கேட்டு, திரை கறுப்பாகவும் இருக்கலாம். எடிட்டிங் மென்பொருளிலிருந்து வெளியே எடுக்கும்போது MP4, H.264 என்று தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் ஓடும். எடிட் செய்த கணினியில் ஓடுகிறதே என்று நம்பிவிடாமல் இன்னொரு கணினியிலும் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

மூன்றாவது, கோப்பின் எடை. 1080p படத்தை நொடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் வெளியே எடுப்பது வழக்கம். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு ஒரு எம்பி ஆகும். 5 நிமிடம் 20 நொடி என்பது 320 நொடி. ஆகவே 320 எம்பி. ஜிமெயிலில் இணைக்கக்கூடிய அளவு 25 எம்பிதான். அதற்குள் அடக்க வேண்டுமென்றால் படத்தைப் பதின்மூன்றில் ஒரு பங்காக நசுக்க வேண்டும். முகங்கள் கலங்கி, அசைவுள்ள இடங்கள் கட்டம் கட்டமாக உடையும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலும் அது தானாகவே சுருக்கிவிடும்.

டிரைவ் லிங்க்கில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வேறொன்று உண்டு. லிங்க்கைப் பகிரும்போது “Restricted” என்றே விட்டுவிட்டால், திறக்கிறவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அதை “Anyone with the link” என்று மாற்றி, தன் கணக்கில் நுழையாத ஒரு பிரவுசரில் திறந்து பார்க்க வேண்டும். படம் அங்கே ஓடினால் பேராசிரியரிடமும் ஓடும்.

கடிதத்தைக் கெடு நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பாவது அனுப்பினால்தான் பதிலுக்கேற்பத் திருத்த நேரம் இருக்கும். பதில் வராமலே வெள்ளிக்கிழமை நெருங்கினால், அறிவிப்பைக் கண்டிப்பான பொருளில் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு: தலைப்பு முதல் பெயர்ப் பட்டியல் வரை எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு பிரதியை எடுத்து, அதை ஒப்படைத்துவிடலாம்.