எண் செல்லும், ஆள் செல்லுவாரா?

2017ஆம் ஆண்டு மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் இயக்குநர்களின் பட்டியல்களை வெளியிட்டது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இயக்குநர் பதவி வகிக்கும் தகுதியை இழந்துவிட்டதாக அவை சொல்லின. உறவினர் கேட்டார் என்று எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனவர்களுக்கு அது இடி. பட்டியலில் இருந்த பலருக்குத் தகுதியிழப்புக் காலம் 2016 நவம்பர் 1 முதல் 2021 அக்டோபர் 31 வரை என்று இருந்தது. செய்தி வந்தபோதே ஏறக்குறைய ஒரு வருடம் கழிந்திருந்தது.

இந்தத் தகுதியிழப்பு அதிகாரி உத்தரவு போட்டு வருவதல்ல, சட்டத்தின்படி தானாகவே வருவது. கம்பெனிகள் சட்டம் 2013இன் 164(2) பிரிவு சொல்வது இதுதான்: ஒரு கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்கு ஆண்டுக் கணக்கையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாவிட்டால், அதன் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. டெபாசிட்டையோ அதன் வட்டியையோ ஒரு வருடத்துக்கு மேல் திருப்பித் தராவிட்டாலும் இதே கதிதான்.

இயக்குநர் அடையாள எண் என்பது வேறு. டின் என்று எல்லோரும் சொல்லும் அந்த எட்டு இலக்க எண் ஒருவருக்கு ஒன்றுதான், ஆயுள் முழுவதற்கும் அதுவே. எத்தனை கம்பெனிகளில் இருந்தாலும் அவரை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். பெயரை வைத்துத் தேடினால் ஒரே இனிஷியலில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். ஆகவே சரிபார்க்க நினைப்பவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

எண் கையில் வந்ததும் mca.gov.in தளத்தில் Enquire DIN Status என்ற சேவையில் அதைப் போட்டுப் பார்க்கலாம். Deactivated due to non-filing of DIR-3 KYC என்று வந்தால் பதற வேண்டாம். அவர் தன் முகவரி, கைப்பேசி விவரங்களை உறுதிசெய்யத் தவறியிருக்கிறார். 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு படிவத்தைக் கொடுத்தால் எண்ணுக்கு உயிர் வந்துவிடும். Disqualified என்ற சொல் வந்தால்தான் கதை வேறு.

Approved என்று வந்தால்? பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. 164(2) பிரிவின் கீழ் தகுதியிழந்தார் என்பதற்காகப் பதிவாளர் ஒருவரின் டின் எண்ணை முடக்க முடியாது என்று 2020 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பளித்தது. எண் உயிரோடு இருப்பது ஆள் தகுதியோடு இருப்பதற்குச் சான்றாகாது. பதிவாளரின் பட்டியலும் அது வெளியான நாளின் நிலவரத்தைத்தான் காட்டும். அதற்குப் பிறகு தகுதியிழந்தவர் அதில் இருக்க மாட்டார்.

அதனால் ஆளைவிட்டு அவருடைய கம்பெனிகளைப் பார்க்க வேண்டும். View Director Master Data பக்கத்தில் டின் எண்ணைப் போட்டால் அவர் இருக்கும் கம்பெனிகளின் பெயர்கள் வரும். ஒவ்வொன்றையும் View Company or LLP Master Data பக்கத்தில் திறந்து, கடைசி பேலன்ஸ் ஷீட்டின் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஈரோட்டில் ஒருவர் மசாலாத் தொழிலில் பங்குதாரராகச் சேர அழைக்கப்படுகிறார். அழைப்பவரின் டின் எண்ணில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் இயக்குநராக இருக்கும் பழைய பிரைவேட் லிமிடெட் ஒன்றின் கடைசி பேலன்ஸ் ஷீட் 31/03/2021 தேதியோடு நிற்கிறது. 2021-22, 2022-23, 2023-24 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் கணக்கு இல்லை. மூன்றாவது ஆண்டுக்கான பொதுக்கூட்டத்துக்குக் கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. கணக்கைத் தாக்கல் செய்ய அதிலிருந்து 30 நாள். அந்தக் கெடு தாண்டிய அக்டோபர் இறுதியில் தகுதியிழப்பு தொடங்கிவிட்டது. 2029 அக்டோபர் இறுதி வரை அவர் புதுக் கம்பெனியில் இயக்குநராக முடியாது. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறியிருக்க வேண்டியதில்லை.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. பேலன்ஸ் ஷீட் தேதி எந்த ஆண்டின் கணக்கு என்று காட்டுமே தவிர, அது எப்போது தாக்கலானது என்று காட்டாது. மூன்று ஆண்டுக் கணக்கையும் கெடு தாண்டி ஒரே மூச்சில் போட்டிருந்தால் பக்கம் சுத்தமாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அந்தக் கம்பெனியின் ஆவணங்களைத் தளத்திலேயே கட்டணம் கட்டித் திறந்து, தாக்கலான தேதிகளைப் பார்த்துவிடலாம். தணிக்கையாளரின் அறிக்கையும் அங்கேயே கிடைக்கும். இயக்குநர் யாராவது 164(2)இன் கீழ் தகுதியிழந்திருக்கிறாரா என்று அதில் ஒரு பத்தி எழுதியாக வேண்டும் என்பது சட்டம்.

விலகிவிட்டேன் என்று சொல்பவரிடம் விலகிய தேதியைக் கேட்க வேண்டும். கெடு தாண்டும்போது பதவியில் இருந்துவிட்டுப் பிறகு விலகினால் தகுதியிழப்பு நீங்காது. முன்பே விலகியிருந்தும் கம்பெனி அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தால், ஏட்டில் அவர் இன்னும் இயக்குநர்தான். தன் விலகலை DIR-11 படிவத்தில் தானே பதிவாளருக்கு அனுப்ப இயக்குநருக்கு வழி இருக்கிறது.