ஒருவர் ‘போடு’ என்கிறார், ஒருவர் ‘எடு’ என்கிறார்

பஸ் டிக்கெட் பதிவு செய்யும்போது பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறோம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ‘பணம் செலுத்த முடியவில்லை’ என்று திரை சொல்கிறது. வங்கியிலிருந்தோ பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. இந்த இடத்தில் ஓடும் சில வரி நிரலை எழுதுவது ஒருவர் என்றாலும், அது அவர் ஒருவரின் முடிவால் மட்டும் நம் கைக்கு வருவதில்லை. எழுதியவர் தன் மாற்றத்தை ‘இதைச் சேர்த்துக்கொள்ளலாமா’ என்று கேட்டுச் சக ஊழியர்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். இதற்குப் பெயர் புல் ரிக்வெஸ்ட். படித்துப் பார்க்கும் ரிவ்யூவர்கள் வரிவரியாகக் குறிப்பு எழுதுவார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே மாற்றம் முதன்மை நிரலோடு மெர்ஜ் ஆகும்.

இரண்டு ரிவ்யூவர்கள் ஒரே வரிக்கு எதிரெதிராகக் குறிப்பு எழுதினால் என்ன செய்வது? டிக்கெட் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் நிரலாளர், வங்கிக்குக் கோரிக்கை அனுப்பி, பத்து விநாடி காத்திருந்து, பதில் வராவிட்டால் ‘தோல்வி’ என்று காட்டும் நிரலை எழுதியிருக்கிறார். செயலியின் முகப்பைக் கவனிக்கும் முதல் ரிவ்யூவர், “நெட்வொர்க் கொஞ்சம் தடுமாறினாலே பயணி டிக்கெட்டை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். மூன்று முறை ரீட்ரை போடுங்கள்” என்று எழுதுகிறார். அவர் போடுகிறார். மறுநாள், கணக்குப் பிரிவின் நிரலைப் பார்க்கும் இரண்டாமவர், “பணம் எடுக்கும் இடத்தில் ரீட்ரை கூடவே கூடாது. எடுத்துவிடுங்கள்” என்று எழுதுகிறார். அவர் எடுக்கிறார். முதலாமவர் திரும்பி வந்து, ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கிறார்.

இந்தச் சுழலைக் கண்டுபிடிப்பது எளிது. மாற்ற வரலாற்றைத் திறந்தால் ஒரே வரி சேர்க்கப்பட்டும் நீக்கப்பட்டும் கிடக்கும். கடைசியாகப் பேசியவர் சொன்னதை நிரலாளர் செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. இதைவிட மோசமான வழி ஒன்றும் உண்டு. ரிவ்யூவர்களில் மூத்தவரோடு தனியாகச் சாட்டில் பேசி முடித்துவிடுவது. மற்றவருக்கு அந்தப் பேச்சு நடந்ததே தெரியாது. தன் குறிப்பை யாரும் மதிக்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும்.

கிட்ஹப் தளம் இதைத் தானாகத் தீர்த்து வைக்காது. பாதுகாக்கப்பட்ட கிளையில் ரிவ்யூ கட்டாயம் என்று அமைத்திருந்தால், எழுதும் உரிமையுள்ள ஒருவர் `Request changes` கொடுத்ததும் மெர்ஜ் நின்றுவிடும். வேறு எத்தனை பேர் `Approve` கொடுத்தாலும் அது நகராது. அவரே ஒப்புதல் தர வேண்டும். இல்லாவிட்டால் உரிமையுள்ள இன்னொருவர் காரணம் எழுதி அந்த ரிவ்யூவைத் தள்ளுபடி செய்ய வேண்டும். கிட்ஹப் இருவர் சொன்னதையும் அப்படியே காட்டும், யார் சொல்வது சரி என்று சொல்லாது. பெரும்பான்மை பார்ப்பதும் உதவாது. மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொன்னால், அவரும் முன்னிருவரைப் போலத் தனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே பார்ப்பார்.

எதிரெதிரான இரண்டு குறிப்புகளில் பெரும்பாலும் இரண்டு வேறு பயங்கள் இருக்கும் என்பது என் கருத்து. இங்கே முதலாமவர் பயப்படுவது டிக்கெட் கிடைக்காமல் போவதற்கு. இரண்டாமவர் பயப்படுவது பணம் இருமுறை போவதற்கு. ‘ரீட்ரை வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்கும் வரை ஒருவர் தோற்றாக வேண்டும். கேள்வியை மாற்றி எழுதுவது நிரலாளரின் வேலை, ஏனென்றால் இரண்டு குறிப்புகளையும் முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். அவர் இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, ஒரே குறிப்பில் இப்படி எழுதலாம்: “ரீட்ரை இல்லாவிட்டால் சிறு தடங்கலுக்கும் டிக்கெட் போகிறது. இருந்தால் பணம் இருமுறை போகலாம். வங்கி பணத்தை எடுத்துவிட்டுப் பதில் மட்டும் தாமதமானால் நமக்கு என்ன தெரியும்? அதைச் சோதித்துவிட்டு வருகிறேன்.”

சோதனைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். வங்கிபோல நடிக்கும் ஒரு போலி சர்வர் போதும். அது பணத்தை எடுத்ததாகப் பதிந்துகொண்டு, பதினைந்து விநாடி கழித்துப் பதில் அனுப்ப வேண்டும். ரீட்ரை உள்ள நிரலை ஓட்டிவிட்டுப் போலிக் கணக்கைப் பார்த்தால், ஒரே டிக்கெட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பணம் எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாமவரின் பயம் உண்மை. ரீட்ரை இல்லாமல் ஓட்டினாலோ, பணம் போயிருக்கும்போதே திரையில் ‘தோல்வி’ என்று வரும். பயணி தானே மறுபடி பொத்தானை அழுத்துவார். அப்போதும் பணம் இருமுறை போகும். ஆகவே ரீட்ரையை நீக்குவதும் இரண்டாமவரின் பயத்தைத் தீர்க்கவில்லை. இதை வாதத்தில் நிறுவுவது கடினம், ஓட்டிப் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதில் வராவிட்டால் பணம் போகவில்லை என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. பதில் வரவில்லை என்றால் போனதா இல்லையா என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதற்குப் பணப் பரிமாற்றத் துறையில் பழகிய தீர்வு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும் ஓர் அடையாளச் சாவியை அனுப்புவது. அதே சாவியோடு மறுபடி வந்தால், வங்கி புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய முடிவையே திருப்பித் தரும். ஸ்ட்ரைப் நிறுவனம் இதை `Idempotency-Key` என்ற பெயரில் தருகிறது.

```python
key = order.payment_key
for attempt in range(3):
    try:
        return bank.charge(order.amount, key)
    except Timeout:
        time.sleep(2 ** attempt)
raise PaymentUnknown(order.id)
```

முதல் வரி சுழற்சிக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். சாவியைச் சுழற்சிக்குள் புதிதாக உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சியும் வங்கிக்குப் புதுக் கோரிக்கையாகவே தெரியும். பாதுகாப்பு இருப்பதுபோல் தோன்றுமே தவிர இருக்காது. சாவி டிக்கெட் பதிவோடு முன்பே சேமிக்கப்பட்டிருப்பதால், பயணி தானாகப் பொத்தானை மறுபடி அழுத்தினாலும் அதே சாவிதான் போகும். கடைசி வரி இரண்டாமவருக்காக. மூன்று முறையும் பதில் இல்லையென்றால் ‘தோல்வி’ என்று பொய் சொல்லாமல், ‘நிலை தெரியவில்லை, சரிபார்க்கிறோம்’ என்று சொல்ல வேண்டும். எதிர்முனை வங்கி இந்தச் சாவியை ஏற்காவிட்டால் இந்த வழி செல்லாது. அப்போது மறுபடி அனுப்புமுன் முந்தைய கோரிக்கை என்ன ஆனது என்று கேட்டாக வேண்டும்.

எல்லா முரணுக்கும் இப்படி மூன்றாவது வழி கிடைக்காது. மாறிகளுக்குப் பெயர் எப்படி வைப்பது போன்ற ரசனைச் சண்டைகளுக்குக் கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ நெறிமுறை சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. நடைக் கையேட்டில் இருந்தால் கையேடே முடிவு. கையேட்டில் இல்லாவிட்டால் பக்கத்து நிரல் எப்படி இருக்கிறதோ அப்படி. அதுவும் இல்லையென்றால் எழுதியவர் விருப்பம். தொழில்நுட்பக் கேள்வியிலும் ஒத்துப்போகாவிட்டால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோக வேண்டும். புல் ரிக்வெஸ்டைக் கிடப்பில் போடக் கூடாது என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. அப்படிக் கொண்டுபோகும்போது சோதனை முடிவையும் கூடவே வையுங்கள், இல்லாவிட்டால் அவரும் இன்னொரு கருத்தைத்தான் சொல்வார்.

முடிவானதும் இரண்டு இடத்தில் எழுதி வைப்பது அவசியம். எதற்காக இந்த வழி என்பதைப் புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் நாலு வரி. தாமதமான பதிலைப் போலச் செய்து பார்த்த அந்தச் சோதனையை நிரலோடு சேர்த்து நிரந்தரமாக. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து இந்தச் சாவி எதற்கு என்று அதை நீக்கினால், அந்தச் சோதனை தோற்று அவரைத் தடுக்கும். உங்கள் புல் ரிக்வெஸ்டில் ஒரே வரிக்கு இரண்டாவது எதிர்க் குறிப்பு வந்த நிமிடமே நிரலைத் தொடாதீர்கள். இருவரையும் ஒரே குறிப்பில் அழைத்து, அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.